முதல் வரி சரியாக இருந்தது, மற்ற 21 பேரின் சம்பளம் தப்பாகப் போனது

திருப்பூரில் 22 டெய்லர்களை வைத்து ஒரு சின்ன பவர் டேபிள் நடத்துகிறேன். வெளியிலிருந்து கட்டிங் ஆன துணி வரும், தைத்துக் கொடுப்போம், பீஸ் ரேட் கூலி, சனிக்கிழமை சம்பளம். அப்பா காலத்திலிருந்து நீள நோட்டில் எழுதி, கால்குலேட்டரில் தட்டி, கவரில் பணம் போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் கவர் எல்லாம் தயாராக ஆறு மணி ஆகிவிடும். அதை எக்செலில் போட்டால் பத்து நிமிஷ வேலைதானே என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். கல்லூரியில் கொஞ்சம் எக்செல் படித்தவன், கூட்டல், பெருக்கல் எல்லாம் தெரியும். அந்தக் கொஞ்சம் தெரிந்ததை நம்பி மூன்று வாரம் தப்பான சம்பளம் கொடுத்திருக்கிறேன். அது எப்படி நடந்தது, ஏன் மூன்று வாரமாக என் கண்ணில் படவில்லை என்பதை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு எந்த இடத்திலும் பிழை என்று காட்டவே இல்லை.

ஃபைலில் இரண்டு ஷீட். ஒன்று Rate. அதில் 2-ஆம் வரியிலிருந்து 41-ஆம் வரி வரை 40 ஸ்டைல்கள், A-யில் ஸ்டைல் நம்பர், B-யில் என்ன துணி என்று விவரம், C-யில் ஒரு பீஸுக்கு என்ன கூலி. இன்னொரு ஷீட் வாரச் சம்பளம். A-யில் பெயர், B-யில் அந்த வாரம் தைத்த பீஸ், C-யில் தொகை. அந்த மாதம் முழுக்க எங்களிடம் ஒரே ஆர்டர்தான், பாக்கெட் வைத்த நைட் பேண்ட். அதன் கூலி 6 ரூபாய் 50 காசு, Rate ஷீட்டில் C7-இல் இருந்தது. அதனால் முதல் டெய்லரின் தொகைக்கு இப்படிப் போட்டேன்:

```
=B2*Rate!C7
```

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், காசு சுத்தமாகச் சரி. அப்புறம் அந்த செல்லின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தை டபுள் கிளிக் செய்தேன். பக்கத்துக் காலத்தில், column-ஐத்தான் சொல்கிறேன், டேட்டா எதுவரை இருக்கிறதோ அதுவரை, அதாவது 23-ஆம் வரி வரை, ஃபார்முலா இறங்கி எல்லாத் தொகையும் ஒரு நொடியில் வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மொத்தம் 87,100 ரூபாய். நோட்டு காலத்தில் வாரத்துக்கு எண்பத்தைந்திலிருந்து தொண்ணூறு ஆயிரம் வரை போகும், அதனால் மொத்தத்தைப் பார்த்தும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு அக்கா வந்து, "ஏனுங்க தம்பி, போன வாரமும் குறையுது, இந்த வாரமும் குறையுதுங்களே" என்றார். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் தைப்பவர். பீஸ் கணக்கை மறுபடி பார்த்தேன், 640, அது சரியாகத்தான் இருந்தது. "கம்ப்யூட்டர்ல போட்ட கணக்குக்கா, தப்பு வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. பீஸ் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்தேனே தவிர, தொகையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அவர் பேச்சு எதுவும் பேசாமல் தன் சின்ன நோட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். மூன்று வாரப் பீஸும் அதில் எழுதி, கூலியையும் மகனைவிட்டுப் பெருக்கி வைத்திருந்தார். 640 பீஸுக்கு 4,160 ரூபாய். நான் கொடுத்தது 3,360.

அன்று இரவு எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து அவருடைய தொகையைப் பீஸால் வகுத்தேன். 3,360-ஐ 640-ஆல் வகுத்தால் 5 ரூபாய் 25 காசு. ஆறரை ரூபாய் எங்கே, ஐந்தேகால் எங்கே? அவருடைய வரி 10-ஆவது வரி. அந்தத் தொகை செல்லை கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரைப் பார்த்தேன்.

```
=B10*Rate!C15
```

C15 வேறொரு ஸ்டைல், குழந்தைகள் ஷார்ட்ஸ், கூலி 5.25. நான் எழுதியது C7. அது எப்படி C15 ஆனது? அடுத்தடுத்த வரிகளைக் கிளிக் செய்யச் செய்யத்தான் வயிறு கலங்கியது. இரண்டாவது டெய்லருக்கு C8, மூன்றாவது ஆளுக்கு C9, கடைசி ஆளுக்கு C28. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஸ்டைலின் கூலி போயிருக்கிறது. நான் கால்குலேட்டரில் சரிபார்த்த முதல் வரி மட்டும்தான் சரி.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள எனக்கு அன்று இரவு முழுக்க ஆனது. நாம் C7 என்று எழுதினாலும் எக்செல் அதை ஒரு முகவரியாக மனதில் வைப்பதில்லை, "நான் இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரம்" என்றுதான் வைத்துக்கொள்கிறது. ஃபார்முலா இருந்தது C2-இல். அங்கிருந்து பார்த்தால் B2 என்பது "எனக்கு இடது பக்கம் ஒரு செல்". Rate ஷீட்டின் C7 என்பது "அந்த ஷீட்டில் இதே காலம், ஐந்து வரி கீழே". கீழே காப்பி ஆகும்போது இந்தத் தூரம்தான் காப்பி ஆகிறது. 10-ஆவது வரியிலிருந்து ஐந்து வரி கீழே போனால் 15. பீஸ் விஷயத்தில் இதுதான் நமக்கு வேண்டும், ஒவ்வொரு வரியும் தன் பக்கத்துப் பீஸை எடுக்க வேண்டும். கூலி விஷயத்தில் இதுதான் கெடுத்தது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாகத் தெளிந்தது. File, Options, Formulas என்று போய் R1C1 reference style என்பதை டிக் செய்தால், எக்செல் தன் மனதில் வைத்திருப்பதையே காட்டும். என் 22 வரிகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே ஃபார்முலாதான் இருந்தது:

```
=RC[-1]*Rate!R[5]C
```

R என்றால் வரி, C என்றால் காலம், சதுர அடைப்புக்குள் இருப்பது தூரம். பார்த்துவிட்டு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலத்துக்கெல்லாம் எழுத்து போய் எண் வந்து குழப்பும். இதிலிருந்தே இன்னொன்றும் புரிந்தது. பக்கத்து செல்களோடு ஒத்துப்போகாத ஃபார்முலா இருந்தால் எக்செல் செல் மூலையில் ஒரு சின்னப் பச்சை முக்கோணம் போட்டு எச்சரிக்கும். எனக்கு அது ஏன் வரவில்லை என்றால், எக்செல் பார்வையில் 22 வரியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன, எல்லாமே "ஐந்து வரி கீழே". நான் பதறிப்போய் அந்த அக்காவின் வரியை மட்டும் C7 என்று திருத்தியபோது, சரியாக இருந்த அந்த ஒரு வரியில்தான் பச்சை முக்கோணம் வந்தது. அதனால் முக்கோணம் இல்லை என்பதை வைத்துக் கணக்கு சரி என்று முடிவு செய்யாதீர்கள்.

கூலி ஒரே ஒரு செல்லில் இருந்து, அதற்குக் கீழே காலியாக இருந்திருந்தால் முதல் வாரமே பிடித்திருப்பேன். காலி செல்லால் பெருக்கினால் பூஜ்யம் வரும், வகுத்தால் #DIV/0! வரும், இரண்டில் எது வந்தாலும் யாருக்கும் தெரியும். என் Rate ஷீட்டில் கீழே கீழே எல்லாமே கூலிகள், அதுவும் ஐந்து ரூபாய்க்கும் எட்டு ரூபாய்க்கும் நடுவில். அதனால் வந்த ஒவ்வொரு தொகையும் நம்பும்படி இருந்தது. சிலருக்குக் கூடி, சிலருக்குக் குறைந்து, மொத்தத்தில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டது. முதல் வாரம் 13,200 பீஸ், ஆறரை ரூபாய் என்றால் 85,800 வந்திருக்க வேண்டும், வந்தது 87,100. வெறும் 1,300 ரூபாய் வித்தியாசம். வரி வரியாகப் பார்த்தால் ஒரே ஆளுக்கு 800 ரூபாய் குறைவு.

இதற்கு நான் இப்போது செய்வது ஒரே ஒரு செல் வேலை. ஷீட்டின் அடியில் இதைப் போட்டிருக்கிறேன், விடை பூஜ்யம் வந்தால்தான் கவரை எடுக்கிறேன்:

```
=SUM(B2:B23)*Rate!C7-SUM(C2:C23)
```

தொகைகளைக் கூட்டி வராமல், மொத்தப் பீஸை நேராகக் கூலியால் பெருக்கி வருவதால் இது வேறு வழியில் வந்த விடை. முதல் வாரம் இது இருந்திருந்தால் -1300 என்று காட்டியிருக்கும். கூலியை எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் போடுகிற கணக்குக்குத்தான் இது ஆகும். அதோடு கூடுதல், குறைவு இரண்டும் காசு பிசகாமல் சமமாகிவிட்டால் இதுவும் பிடிக்காது, அதனால் கடைசி வரியைக் கிளிக் செய்து F2 அமுக்கிப் பார்ப்பதையும் விடுவதில்லை. F2 அமுக்கினால் அந்த வரியின் ஃபார்முலா தெரியும், அதே ஷீட்டில் இருக்கும் செல்லைச் சுற்றி நிறக் கட்டமும் வரும். காப்பி செய்த கணக்கில் முதல் வரியைச் சரிபார்ப்பது வீண், அதை நாம்தானே கையால் எழுதினோம், அது சரியாகத்தான் இருக்கும். பிசகு தூரத்தோடு சேர்ந்து வளர்வது, அதனால் கடைசி வரியில்தான் பார்க்க வேண்டும். ஃபார்முலா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு, Tab-க்கு மேலே இருக்கும் ` விசையை அமுக்கினால் போதும், மறுபடி அமுக்கினால் எண்கள் திரும்பிவிடும்.

சரி, திருத்தியது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் ஒரு தடவை தடுக்கினேன். டாலர் குறி போட்டால் செல் நகராது என்று எப்போதோ படித்தது ஞாபகம் இருந்தது. பயத்தில் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டேன், =$B$2*Rate!$C$7 என்று. இழுத்தால் 22 பேருக்கும் ஒரே தொகை, எல்லாம் முதல் டெய்லரின் தொகை. பீஸும் நகராமல் நின்றுவிட்டது. இந்தத் தப்பு உடனே கண்ணில் பட்டதால் பிழைத்தேன். நகர வேண்டியது எது, நிற்க வேண்டியது எது என்று ஒவ்வொரு செல்லுக்கும் தனியாகக் கேட்டுக்கொண்டு போட வேண்டும். பீஸ் ஆளுக்கு ஆள் மாறும், அது நகரட்டும். கூலி எல்லோருக்கும் ஒன்றே, அது நிற்கட்டும்.

```
=B2*Rate!$C$7
```

டாலரைக் கையால் அடிக்கத் தேவையில்லை. ஃபார்முலாவில் C7 மேல் கர்சரை வைத்து F4 அமுக்கினால் $C$7 ஆகும், மறுபடி அமுக்கினால் C$7, அப்புறம் $C7, அப்புறம் பழையபடி C7. என் லேப்டாப்பில் F4 தட்டினால் வேறு ஏதோ ஆனது, Fn விசையையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் போனது. எழுத்துக்கு முன்னால் இருக்கும் டாலர் காலத்தைப் பிடித்து நிறுத்துகிறது, எண்ணுக்கு முன்னால் இருப்பது வரியைப் பிடித்து நிறுத்துகிறது. கீழ்நோக்கி மட்டும் காப்பி செய்தால் C$7 என்பதே போதும்.

பாதி டாலர் எதற்கு என்று அப்போது புரியவில்லை, அடுத்த ஆர்டரில் புரிந்தது. அதில் ஒரே பேண்ட்டை ஓவர்லாக், சிங்கர், பேட்லாக் என்று மெஷின் வாரியாகப் பிரித்துத் தைத்தோம், ஒவ்வொன்றுக்கும் வேறு கூலி. Qty என்று ஒரு ஷீட் போட்டு, 2-ஆம் வரியில் கூலிகள், 3-ஆம் வரியிலிருந்து ஆட்கள். A-யில் பெயர், B-யில் பழைய ஆட்களுக்கு 1.05, மற்றவர்களுக்கு 1, ஏனென்றால் அந்த ஆர்டருக்குப் பழையவர்களுக்கு ஐந்து சதவீதம் சேர்த்துக் கொடுத்தோம். C, D, E-யில் பீஸ்கள். தொகை ஷீட்டின் C3-இல் எழுதி வலது பக்கமும் இழுக்க வேண்டும், கீழேயும் இழுக்க வேண்டும்:

```
=Qty!C3*Qty!C$2*Qty!$B3
```

பீஸுக்கு டாலரே இல்லை, அது இரண்டு பக்கமும் நகரும். கூலி வலது பக்கம் போகும்போது ஓவர்லாக்கிலிருந்து சிங்கருக்கு மாற வேண்டும், ஆனால் 2-ஆம் வரியை விட்டு இறங்கக் கூடாது, அதனால் எண்ணுக்கு முன்னால் மட்டும் டாலர். அந்த 1.05 ஆளுக்கு ஆள் மாற வேண்டும், ஆனால் B காலத்தைவிட்டுப் போகக் கூடாது, அதனால் எழுத்துக்கு முன்னால் மட்டும். $B3-இல் டாலரை விட்டால் அடுத்த காலத்தில் 1.05-க்குப் பதில் பீஸ் எண்ணிக்கை வந்து பெருக்கும், ஒரு ஆளின் தொகை லட்சக்கணக்கில் போகும், உடனே தெரிந்துவிடும். C$2-க்குப் பதில் $C$2 என்று இரண்டு டாலரும் போட்டால்தான் ஆபத்து, சிங்கருக்கும் பேட்லாக்குக்கும் ஓவர்லாக் கூலியே போகும், தொகைகள் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். அதனால் இந்த மாதிரிக் கட்டத்தில் நான் வலது கீழ் மூலை செல்லைத்தான் திறந்து பார்க்கிறேன், நீளம், அகலம் இரண்டின் பிசகும் அங்கே தெரியும்.

டாலர் போட்டாலும் ஒரு இடத்தில் காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன். Rate ஷீட்டில் 7-ஆம் வரிக்கு மேலே ஒரு வரியை இன்செர்ட் செய்தால் எக்செல் தானே $C$7-ஐ $C$8 என்று மாற்றிக்கொள்ளும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் யாராவது அந்த ஷீட்டை ஸ்டைல் நம்பர் வரிசைப்படி சார்ட் செய்தால், $C$7 அப்படியே C7-ஐத்தான் காட்டிக்கொண்டிருக்கும், அங்கே இப்போது வேறு ஸ்டைலின் கூலி உட்கார்ந்திருக்கும். நல்ல வேளை, இதை நான் சம்பளம் போடுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு செல்லைக் குறிப்பதை விட்டுவிட்டு ஸ்டைல் நம்பரை வைத்தே கூலியைத் தேட வைத்தேன். இந்த வாரம் ஓடும் ஸ்டைல் நம்பரை சம்பள ஷீட்டில் F1-இல் அடிப்பேன். தொகைக்கு முன்னால் C-யில் ஒரு காலம் சேர்த்தேன். தொகை D-க்குப் போய் =B2*C2 ஆனது, அடியில் இருக்கும் சரிபார்ப்பு =SUM(B2:B23)*C2-SUM(D2:D23) ஆனது. C-யில் கூலியை இப்படிக் கொண்டுவந்தேன்:

```
=VLOOKUP($F$1,Rate!$A$2:$C$41,3,FALSE)
```

இங்கேயும் டாலரை மறந்தால் பட்டியலே வரிக்கு வரி கீழே சரியும். இரண்டாவது வரியில் A3:C42, மூன்றாவதில் A4:C43 என்று மேலே இருக்கும் ஸ்டைல்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். தேடும் ஸ்டைல் விழுந்த வரியிலிருந்து #N/A வரும். அது அசிங்கமாக இருக்கிறது என்று IFERROR போட்டு 0 காட்ட வைக்காதீர்கள். அப்படிச் செய்தால், கூலியே கிடைக்காத வரிக்கும் வேலைக்கே வராத ஆளின் வரிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். அந்த #N/A இருக்கட்டும், அது வந்தால் சம்பளம் போடாதே என்று அர்த்தம்.

பணக் கணக்குக்கு வருகிறேன். மூன்று வாரத்தில் 9 பேருக்குக் குறைத்துக் கொடுத்திருந்தேன், மொத்தம் 11,640 ரூபாய். அதில் அந்த அக்காவுக்கு மட்டும் 2,350. ஞாயிற்றுக்கிழமையே பணத்தை எடுத்து வைத்து, திங்கள் காலை மெஷின் ஓடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் என்ன நடந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அது அவர்கள் பணம், அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். 12 பேருக்குக் கூடுதலாகப் போனது 15,420 ரூபாய், அதுதான் என் கையைவிட்டுப் போனது. திருப்பிக் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் இரண்டு பேர் வேறு யூனிட்டுக்கு மாறிப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒருவர், வாரம் 700 பீஸ் தைப்பவர், அவருக்கு ஏழரை ரூபாய் கூலி விழுந்திருந்தது. "நல்லா தைக்கிறேன்னு ரேட்டை ஏத்திட்டீங்கன்னு நெனச்சுட்டேன்ணா, வீட்டுலயும் சொல்லிட்டேன்" என்றார். அதற்கு மேல் யாரிடமும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, "இனிமே என்ன ரேட்டுன்னு சீட்டுல எழுதிக் குடுங்க தம்பி, வெறும் தொகை மட்டும் போட்டா எங்களுக்கு எப்படித் தெரியும்" என்று மட்டும் சொன்னார். கூலிக்கென்று தனிக் காலம் சேர்த்ததே அந்தப் பேச்சால்தான். இப்போது சம்பள ஷீட்டில் பெயர், பீஸ், கூலி, தொகை என்று நான்கு காலம், கவரோடு போகும் சீட்டிலும் அதே நான்கு. சனிக்கிழமை பிரிண்ட் எடுப்பதற்கு முன் கூலிக் காலத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்க்கிறேன், 22 வரியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். கவரை வாங்கிய அக்கா வாசலில் நின்று சீட்டைப் பிரித்து, முதலில் பார்ப்பதும் அந்த மூன்றாவது காலத்தைத்தான்.